ஆறு யாரிடம் பேசுகிறது?

சுற்றுச்சூழல் பாடத்தில் ஆசிரியர்கள் அடிக்கடி கொடுக்கும் ஒப்படைப்பு இது: 'ஓர் ஆறு பேசுவது போல நாடகத் தனிமொழி ஒன்று எழுதுக.' பிள்ளைகள் எழுதிக் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நான்தான் நதி பேசுகிறேன், மலையில் பிறந்தேன், சமவெளியில் தவழ்ந்தேன், பயிர்களை வளர்த்தேன், மனிதர்கள் என்னைக் கெடுத்துவிட்டார்கள், என்னைக் காப்பாற்றுங்கள். ஆற்றின் பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் அது காவிரியா, வைகையா, கூவமா என்று சொல்ல முடியாது.

இதில் பிள்ளைகளின் குற்றம் அதிகமில்லை. அவர்களுக்குப் பழக்கமானது தன்வரலாற்றுக் கட்டுரை. கேட்கப்பட்டதோ நாடகத் தனிமொழி. தன்வரலாற்றில் பேசுபவர் ஊருக்கே பொதுவாகப் பேசுவார். தொடக்கம் முதல் இன்றுவரை வரிசையாகச் சொல்வார். தனிமொழியில் அவர் ஒரே ஓர் ஆளிடம், ஓர் இடத்தில், ஒரு பொழுதில், ஒரு காரியம் ஆகவேண்டிப் பேசுவார். எதிரில் இருப்பவர் வாய் திறக்கமாட்டார். ஆனால் அவர் முகம் சுளித்ததும், நகரப் பார்த்ததும், தயங்கியதும் பேசுபவரின் வார்த்தையிலேயே நமக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த வடிவத்துக்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம், ராபர்ட் பிரௌனிங் 1842-இல் வெளியிட்ட, இறந்துபோன மனைவியின் ஓவியத்தைக் காட்டி ஒரு பிரபு பேசும் கவிதை. அவர் பேசுவது, அடுத்த பெண்ணுக்குத் திருமணம் பேச வந்த தூதனிடம். கேட்பவன் யார் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பேச்சின் பயங்கரம் புரியும்.

நமக்கு இது புதிதல்ல. சங்க அகப்பாடல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதுதான். தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளைப் பட்டியலிடும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் ஆகியவற்றை அடுத்தடுத்துச் சேர்க்கிறது. பேசுவது யார், கேட்பது யார், எந்த இடம், எந்தப் பொழுது, என்ன பயனுக்காக, எந்த உணர்ச்சியில், சொல்லாமல் விட்டது என்ன. ஞாயிறு, திங்கள், கடல் போன்றவை பேசுவது போலவும் கேட்பது போலவும் சொல்லலாம் என்ற அனுமதியும் அதே இயலில் உண்டு. ஆற்றுக்குக் குரல் கொடுக்கப்போகும் மாணவருக்கு இந்த ஏழு கேள்விகளே போதும். ஒரே ஓர் ஆற்றை எடுத்து அவற்றுக்கு விடை தேடிப் பார்ப்போம்.

பாலாற்றை எடுத்துக்கொள்கிறேன். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைச் சேரும் ஆறு. ஓடி என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஆண்டின் பெரும்பகுதியில் அதன் மேற்பரப்பில் நீர் இருக்காது. மணலுக்கு அடியில்தான் மெல்ல நகரும். அதைத் தெரிந்துகொண்ட முன்னோர்கள் ஆற்றுமணலில் ஊற்றுக்கால்கள் வெட்டி, அடியில் கசியும் நீரை ஏரிகளுக்கும் வயல்களுக்கும் கொண்டுபோனார்கள். ஆகவே பாலாறு பேசினால் சலசலக்காது. மணலுக்குக் கீழேயிருந்து பேசும். கூற்று யாருடையது என்பதற்கு இதுவே விடை. மற்ற ஆறுகளின் குரல் இதற்குப் பொருந்தாது.

அடுத்தது பேச்சின் பொருள். பாலாற்றுக்குச் சொல்ல நிறைய உண்டு: மேலே கட்டிய தடுப்பணைகள், 1892-ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தம், மணல் கொள்ளை, தோல் கழிவு. எல்லாவற்றையும் ஒரே தனிமொழியில் திணித்தால் அது மேடைப் பேச்சாகிவிடும். ஒன்றை எடுத்து ஆழமாகப் போகவேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிக்கு அந்த ஒன்று உப்பு.

உப்பு எப்படி ஆற்றுக்குள் வந்தது என்பதை மாணவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் உரித்த சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்க உப்பைத் தாராளமாகத் தடவி அடுக்குவார்கள். தோல் தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. கழுவிய நீரில் உப்பு அத்தனையும் இருக்கும். பிறகு சுண்ணாம்பு, பிறகு பதனிடல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். பின்னாளில் குரோமியம் வந்தது. அதில் தோய்ந்த தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். தோல் உறிஞ்சாத குரோமியம் கழிவுநீரோடு போகும்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபோது குரோமியத்தையும் அழுகும் பொருள்களையும் பெருமளவு பிரிக்க முடிந்தது. குரோமியத்தைச் சேறாகப் படியவைத்து எடுத்துவிடலாம். நீரில் கரைந்த சாதாரண உப்பு படியாது. நுண்ணுயிரிகளும் அதைத் தின்னாது. சவ்வு வழியே அழுத்தி வடிகட்டி, மிஞ்சிய கரைசலைக் காய்ச்சி வற்றவைத்தால்தான் நீரிலிருந்து பிரியும். அப்போதும் அது எங்கும் போய்விடுவதில்லை; மூட்டை மூட்டையாகக் கையில் நிற்கும். அதற்கு முன்பு பல்லாண்டுகளாக மண்ணுக்குள் இறங்கிய உப்போ நிலத்தடி நீரில் தங்கிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தபோது, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக மதிப்பிட்ட ஆய்வைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை அந்தத் தீர்ப்பு நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அதே பாலாறு 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றின் பொருளாக இருந்தது.

இனி கேட்போர். முதலாளி, அமைச்சர், மனித குலம் என்றெல்லாம் தோன்றும். அவர்களிடம் ஆறு பேசினால் சாபம்தான் மிஞ்சும். நான் தேர்ந்தெடுப்பது, நீர் மாதிரி எடுக்க வந்த ஓர் இளைஞன். ஏனென்றால் ஆறு சொல்வதை எழுதிக் கொண்டுபோகிறவன் அவன் ஒருவன்தான். அவன் எந்த இடத்தில், எந்த மாதத்தில் புட்டியை நிரப்புகிறான் என்பதைப் பொறுத்து ஆற்றின் கதையே மாறிவிடும். மழைவெள்ளத்தில் எடுத்தால் உப்பு நீர்த்துப்போய், எண் குறைந்து தெரியும். கோடையில் மணலுக்கடியில் ஊறும் நீரில் எடுத்தால் ஏறியிருக்கும். இரண்டும் உண்மையான எண்கள்தான். ஆகவே களம் ஆம்பூருக்குக் கீழே உள்ள மணல். காலம் மே மாதம். பயன், புட்டியின் சீட்டில் இடமும் மாதமும் சரியாக எழுதப்பட வேண்டும் என்பது. அவ்வளவு சிறிய கோரிக்கை.

எழுதும் முன் ஒரு விதியை வைத்துக்கொள்ள வேண்டும்: ஆற்றுக்கு எண் தெரியாது. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், இந்த ஆண்டு இந்தத் தீர்ப்பு என்று ஆறு பேசினால், அங்கே ஆறு மறைந்து பாடப்புத்தகம் எழுந்து நிற்கும். கனம், நிறம், சூடு, வழி, யார் வந்தார், யார் வரவில்லை, இவைதான் ஆற்றுக்குத் தெரிந்தவை. எழுதுகிறவர் எண்ணைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதை ஆறு அறியும் விதமாக மாற்றவேண்டும். இதோ ஒரு மாதிரி.

(ஆம்பூருக்குக் கீழே பாலாற்று மணல். மே மாத முற்பகல். பிளாஸ்டிக் புட்டிகளும் மண்வெட்டியுமாக ஓர் இளைஞன் இறங்கி வருகிறான்.)

நில்லு தம்பி. அங்க தோண்டாதே. நேத்து அங்க லாரி கழுவுனாங்க. அந்த ஈரம் என்னுது இல்ல. இன்னும் நாலு எட்டு வா. ஆ, அங்கதான்.

என்ன சிரிப்பு? தண்ணியே இல்லாத ஆத்துக்குத் தண்ணி எடுக்க அனுப்பிட்டாங்களேன்னா? மேல ஓடறது எனக்கு வருஷத்துல கொஞ்ச நாள் வேலை. மத்த நாளெல்லாம் கீழதான் நடப்பேன். அது தெரிஞ்ச ஜனங்க மணல்ல கால் வெட்டி, என்னைக் கைபிடிச்சு ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உங்க தாத்தா வந்திருந்தா கையாலயே தோண்டியிருப்பாரு. நீ மண்வெட்டிய எடு. மேல இருந்த மணல வண்டியில ஏத்திட்டாங்க. இப்ப களிதான், கல்லுதான்.

ஊறுதா? அவசரப்படாதே. கலங்கல் அடங்கட்டும். புட்டிய முதல்ல என் தண்ணியிலயே அலசு. மூணு தரம். பரவாயில்ல, யாரோ உனக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்காங்க.

நாக்குல வெக்காதே. நானே சொல்றேன், உப்பு. கடல் இருக்கற திசைகூட இங்கேர்ந்து தெரியாது. வேலூர் போகணும், வாலாஜா போகணும், செங்கல்பட்டு தாண்டணும். கடலப் பாக்கறதுக்கு முன்னாடியே எனக்குக் கரிச்சுப்போச்சு.

முன்னெல்லாம் ரெண்டு நிறத்துல வரும். வெள்ளையா வந்தா சுண்ணாம்பு. நீலமா வந்தா தோல் தோய்ச்ச தண்ணி. இப்ப நீலம் குறைஞ்சிருக்கு. இல்லாததச் சொல்லக்கூடாது. குழாய் போட்டாங்க, தொட்டி கட்டினாங்க, எல்லாம் பாத்தேன். ஆனா உப்புக்கு நிறம் இல்லையே. அது வந்தப்ப யாரும் பாக்கல. இப்பவும் யாரும் பாக்கல. எனக்குள்ள உக்காந்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது. பக்கத்துக் கிணத்துக்குப் போய்ப் பாரு. தென்னை காய்க்குதான்னு கேளு. வேணாம், கேக்காதே, அந்தம்மா பாவம்.

மழைக்காலத்துல ஒருத்தர் வந்தாரு. நான் கரை முட்டப் போய்க்கிட்டிருந்தேன். பாலத்து மேல நின்னுக்கிட்டே கயித்துல வாளி இறக்கினாரு. நல்ல மனுஷன், பொய் எழுதறவர் இல்ல. ஆனா அவரு மொண்டது நந்தி மலை மேல பெஞ்ச மழைய. அதுல நான் எங்க இருந்தேன்? ஆறு சுத்தம்னு எழுதிட்டுப் போயிட்டாரு.

நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. உங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல, மேல பேத்தமங்கலம் ஏரி உடைஞ்சப்ப, வாணியம்பாடிக்குள்ள பூந்தேன். எத்தன பேர எடுத்துட்டுப் போனேன்னு எண்ணல. அதனால என்னைச் சாமின்னு கும்பிட வேணாம். தாயின்னு சொல்ல வேணாம். இருக்கறத இருக்கற மாதிரி எழுதினாப் போதும்.

ஏன் கை நடுங்குது? அந்த சட்டையில வர்ற வாசம் எனக்குத் தெரியும். உங்க வீட்ல யாரோ தோல் வேலைக்குப் போறாங்க. அப்பாவா? தொட்டியில இறங்கறவரா? கால்ல புண்ணு ஆறிச்சா?

அடுப்ப அணைக்கச் சொல்லி நான் கேக்கல தம்பி. அது எரியறதால எனக்கு ஒண்ணும் இல்ல. மூடிய இறுக்கு. ம். சீட்ட ஒட்டு. ஊர் பேரு எழுதிட்டியா? மாசம்?

என்ன, பேனா நிக்குது? உங்க அப்பா பேரையா எழுதச் சொன்னேன்? மாசத்த எழுது.

மாதிரி இங்கே முடிகிறது. இளைஞன் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அவன் சிரித்தான், புட்டியை அலசினான், நாக்கில் வைத்துப் பார்க்கப் போனான், கை நடுங்கினான், எழுதத் தயங்கினான். அவன் வீட்டுச் சோறு எந்தத் தொழிலிலிருந்து வருகிறதோ, அந்தத் தொழிலுக்கு எதிரான சாட்சியம் அவன் கையில் இருக்கிறது. அவன் மாதத்தை எழுதினானா இல்லையா என்பதை ஆறு சொல்லவில்லை. எச்சம் என்று செய்யுளியல் சொல்வது இதைத்தான். 'என்னைக் காப்பாற்றுங்கள்' என்று முடித்திருந்தால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். இப்போது அவன் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்ப்பார்.

ஆறு தன் குற்றத்தையும் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். 1903 நவம்பரில் வாணியம்பாடியில் நிகழ்ந்த வெள்ளம் வரலாறு. எல்லா நன்மையும் தன்னிடம், எல்லாத் தீமையும் மனிதரிடம் என்று பேசும் ஆற்றை யாரும் நம்பமாட்டார்கள். குறைந்த நீலத்தைக் குறைந்தது என்று ஒப்புக்கொண்டதால்தான் உப்பைப் பற்றி அது சொல்வதற்கு மதிப்பு வருகிறது. நாடகத்துக்கும் இதுவே நியாயம், அறிவியலுக்கும் இதுவே நியாயம்.

பேச்சுக்குள் வராத எண்களுக்கு ஓர் இடம் வேண்டும். இது சுற்றுச்சூழல் வகுப்பு. ஆசிரியருக்குச் சான்று தேவை. தனிமொழியோடு ஒரு குறிப்புத்தாளை இணைத்து, எந்த வரிக்கு எந்த உண்மை ஆதாரம் என்று எழுதலாம். உதாரணமாக, 'கரிச்சுப்போச்சு' என்ற வரிக்கு நேராக: குடிநீரில் கரைந்த மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. மாணவர் தம் ஊர்க் கிணற்று நீரை அளந்திருந்தால் அந்த எண்ணையும், அளந்த நாளையும், இடத்தையும் பக்கத்தில் எழுதலாம்.

அளப்பதற்குப் பேனா வடிவிலான சிறிய டி.டி.எஸ். மீட்டர் போதும். அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தவேண்டும். அது நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து உப்பைக் கணக்கிடும் கருவி. குரோமியம் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. மீட்டரில் எண் குறைவாக வந்ததால் நீர் குடிக்க ஏற்றது என்று எழுதுவது பிழை. உலோகங்களைப் பார்க்க வேண்டுமானால் தனிப் புட்டியில் நீர் எடுத்து, உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டாமலிருக்க நைட்ரிக் அமிலம் சேர்த்து, ஆய்வகத்துக்குத்தான் அனுப்பவேண்டும். அமிலத்தைக் கையாள்வது பள்ளி மாணவரின் வேலையல்ல.

இன்னொரு வழக்கமான குழப்பம் குரோமியத்தைப் பற்றியது. தோல் பதனிடப் பயன்படுவது மும்மதிப்புக் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலில் இருப்பதோ அதைவிடப் பன்மடங்கு நஞ்சான அறுமதிப்புக் குரோமியம். இரண்டும் பாலாற்றுப் படுகையின் கதைகள்தான், ஆனால் வெவ்வேறு கதைகள். ஆம்பூர் மணலில் நின்று பேசும் ஆறு ராணிப்பேட்டைக் குவியலைப் பற்றிப் பேசினால், களம் தவறிவிட்டது என்று பொருள்.

தாமிரபரணிக் கரையிலோ நொய்யல் கரையிலோ இருக்கும் மாணவர் இந்தப் பாலாற்றுப் பேச்சில் பெயரை மட்டும் மாற்றி எழுத முடியாது, எழுதவும் கூடாது. நொய்யலுக்கு உப்பு உண்டு, ஆனால் அது திருப்பூர்ச் சாயப்பட்டறை உப்பு. அங்கே பேசவேண்டிய களம் ஒரத்துப்பாளையம் அணை, கேட்போர் வேறு ஆள். எந்த ஆறானாலும் எழுத உட்காருவதற்கு முன் ஒருமுறை அதன் கரைக்குப் போய், அங்கே தொழில் செய்கிறவர் ஒருவரிடமும் பயிர் செய்கிறவர் ஒருவரிடமும் பேசிவிட்டு வாருங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மதிப்பெண் போடும்போது ஆற்றின் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். எந்த ஆறு, எந்த இடம், எந்த மாதம் என்று கண்டுபிடிக்க முடிந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள். முடியாவிட்டால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்து மீண்டும் எழுதச் சொல்லுங்கள்.